சித்தப்பாவுக்கு ஃபில்டரா, வி60-யா? காபிப் பிரியருக்குப் பரிசு தேடிய கணக்கு

நெல்லிக்குப்பத்தில் மாமா வீட்டுச் சமையலறையில், டின்னிலிருந்து பாட்டிலுக்கு எண்ணெய் மாற்ற ஒரு வெள்ளைப் பீங்கான் கூம்பு வைத்திருக்கிறார்கள். உள்ளே சுழல் சுழலாக வரிகள், அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரே ஓட்டை. புனலாக அது நன்றாகவே வேலை செய்கிறது. மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நான் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த வி60 அதுதான், வடிதாளில் தூள் போட்டு வெந்நீர் ஊற்றிக் காபி வடிக்கும் டிரிப்பர். கூடவே கொடுத்த கண்ணாடி ஜாடியில் கரண்டிகள் நிற்கின்றன. வடிதாள் பாக்கெட் மட்டும் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

மாமா மேல் தப்பில்லை. அவர் காபிப் பிரியர்தான், ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் குடிப்பவர். எப்படிப்பட்ட காபி என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

இந்த வருடம் சித்தப்பா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பரிசுக்கு நானும் அவர் மகனும் சேர்ந்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒதுக்கினோம். தம்பிக்குப் புதுச்சேரியில் வேலை, முத்தியால்பேட்டையில் தனி வீடு. பால் இல்லாத காபிக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. கிராம் தராசு, கைக்கிரைண்டர், நீண்ட மூக்குக் கெட்டில் என்று அவன் சமையல் மேடை பார்ப்பதற்கு எங்கள் பள்ளி ஆய்வுக்கூடம் மாதிரி இருக்கும். "அக்கா, அப்பாவுக்கு வி60 செட்டும் நல்ல சிங்கிள் எஸ்டேட் கொட்டையும் வாங்கிடலாம். ரிட்டயர் ஆயிட்டாரு, இனிமே பொறுமையா போட்டுக் குடிக்கட்டும்" என்றான். எனக்கு மாமா வீட்டு எண்ணெய்ப் புனல் கண்முன் வந்து நின்றது.

அவனிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "உங்க அப்பா பால் ஊத்திக் குடிக்கிறாரா, ஊத்தாமக் குடிக்கிறாரா?"

பரிசுக் கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை. விலை கேட்பார்கள், ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். ஆனால் எந்தக் கருவி வாங்குவது, எந்தத் தூள் வாங்குவது என்பதில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியிலேயே முடிவாகிவிடும். காரணம் வெறும் கணக்குதான்.

நம் வீட்டு ஃபில்டரில் முப்பது கிராம் தூள் போட்டு நூற்றெண்பது மில்லி வெந்நீர் ஊற்றுகிறோம் என்று வையுங்கள். தூள் தன் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்குத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அது திரும்பி வராது. ஆக நமக்குக் கிடைப்பது நூற்றிருபது மில்லி டிகாஷன். ஒரு பங்கு தூளுக்கு நான்கு பங்கு சாறு. அதனால்தான் முப்பது, நாற்பது மில்லி டிகாஷனில் ஒரு டம்ளர் பாலையே காபியாக்க முடிகிறது.

வி60-யிலோ பதினைந்து கிராம் தூளுக்கு இருநூற்று நாற்பது மில்லி தண்ணீர், அதாவது ஒன்றுக்குப் பதினாறு. மூன்று நிமிடத்தில் வடிந்துவிடும். அப்படியே குடிப்பதற்கான அளவு அது. நாற்பது மில்லியை எடுத்துப் பாலில் ஊற்றினால், டிகாஷனில் இருக்கும் காபியில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் இருக்காது. கழனித் தண்ணீர் மாதிரி ஒன்று டம்ளரில் நிற்கும். மாமாவும் ஒருநாள் முயன்று பார்த்திருக்கிறார். "காபிய கண்ணால பாத்தேன், நாக்குல படல" என்றாராம், அத்தை பிறகு சொன்னார்.

கூம்பைக் குறை சொல்லவில்லை. பால் சேர்த்தால் மறைந்துபோகிற புளிப்பு, பழவாசனை, பூவாசனை எல்லாவற்றையும் தெளிவாகக் காட்டத்தான் அது. பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் இந்த மெல்லிய சுவைகளை மூடிவிடும், கசப்பும் வறுத்த வாசனையும் மட்டும்தான் முட்டி மேலே வரும். பால் காபிக்காரர் தேடுவது அந்த இரண்டையும்தான்.

தம்பி விடவில்லை. "அப்போ பிரெஞ்ச் பிரஸ்? மோக்கா பாட்?" என்றான். நியாயமான கேள்விதான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். ருசி பார்க்க என் அம்மா. அவருக்கும் சித்தப்பாவுக்கும் காபியில் ஒரே நாக்கு. எதில் போட்டது என்று சொல்லாமல் டம்ளரைக் கொடுப்பது என்று ஏற்பாடு.

முதலில் பிரெஞ்ச் பிரஸ். கண்ணாடிக் குவளை, உள்ளே அழுத்தும் சல்லடை. இதில் தூள் ரவை மாதிரி பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சல்லடையைத் தாண்டி வண்டல் வந்துவிடும். வழக்கமான அளவில் போட்டால் இதுவும் பாலுக்கு ஆகாது. தண்ணீரைப் பாதியாக்கி, ஒன்றுக்கு எட்டு என்று போட்டு, நான்கு நிமிடம் ஊறவிட்டு அழுத்தினோம். சரி பாதி பால் சேர்த்ததில் ஓரளவுக்குக் காபி வந்தது. அம்மா குடித்துவிட்டு, "பரவால்ல. ஆனா ஆறிப் போயிருக்கே" என்றார். காரணம் உண்டு. நம் காபியில் டிகாஷன் கொஞ்சம், கொதிக்கும் பால் நிறைய. அதனால் டிகாஷன் ஆறியிருந்தாலும் காபி சூடாக இருக்கும். இங்கே பாதிக்குப் பாதி, அதுவும் கண்ணாடியில் நான்கு நிமிடம் நின்ற பாதி. அதோடு கடைசி மடக்கில் மண் மாதிரி தூள் வாயில் படும். டம்ளரை அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிற நம் பழக்கத்துக்கு அந்தக் கடைசி மடக்கு தொல்லைதான்.

அடுத்து மோக்கா பாட். இத்தாலியில் 1933-இல் வந்த அலுமினியப் பாத்திரம். கீழே தண்ணீர், நடுவில் தூள், மேலே காபி வந்து சேரும் கூஜா. தண்ணீரைப் பக்கவாட்டில் இருக்கும் வால்வுக்குக் கீழே நிறுத்த வேண்டும், தூளை நிரவ வேண்டுமே தவிர அழுத்தக் கூடாது, கரகரவென்று சீறத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். சிறிய அளவுப் பாத்திரத்தில் பதினாறு பதினேழு கிராம் தூளுக்கு நூற்றிருபது, நூற்று முப்பது மில்லி கிடைக்கும். நம் டிகாஷனில் பாதி வலு. பால் காபிக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் கிட்ட வருகிறது, அம்மாவும் அதை ஒப்புக்கொண்டார். "கொஞ்சம் தீஞ்ச வாசன வருது" என்றும் சொன்னார். அது என் தப்பு, சீறிய பிறகும் அரை நிமிடம் விட்டுவிட்டேன். ஆனால் சித்தப்பா வீட்டில் இதற்கு இரண்டு தடை. சின்ன அடி, நம் கேஸ் அடுப்பின் கம்பிகளுக்கு நடுவே நிற்காமல் சாயும். மேலே ஒரு கம்பி வலை வைத்தால்தான் நிற்கும். அலுமினியம் இண்டக்‌ஷனில் சூடாகாது, சித்தி காலைக் காபியைப் போடுவதோ இண்டக்‌ஷனில். பெரிய அடியோடு ஸ்டீலில் வருவதும் உண்டு, அது எங்கள் தொகைக்குள் பொருந்தவில்லை.

ஏரோபிரஸ் என்கிற ஊசிக்குழாய் மாதிரிக் கருவியும் தம்பியிடம் இருந்தது. கெட்டியாகவே எடுத்துத் தரும், உடையாது, கழுவுவது சுலபம். ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்குத்தான். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கோ, அடிக்கடி வெளியூர் போகிறவருக்கோ இதைத்தான் வாங்கிக் கொடுப்பேன். காலையில் இரண்டு பேரும், செய்தித்தாள் படிக்க வரும் பக்கத்து வீட்டுக்காரரும் குடிக்கிற வீட்டுக்கு இல்லை.

கடைசியாக எங்கள் வீட்டுப் பழைய எவர்சில்வர் ஃபில்டர். இதில்தான் அன்றைக்கு உருப்படியாக ஒன்று தெரிந்துகொண்டோம்.

தம்பி புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்திருந்த கொட்டையை, மலைத்தோட்டத்து அராபிகா, இளவறுப்பு, சிக்கரி துளியும் இல்லாதது, அவனுடைய கிரைண்டரிலேயே அரைத்து முப்பது கிராம் போட்டான். தண்ணீர் ஊற்றினோம். வழக்கமாக இருபது நிமிடத்துக்கு மேல் சொட்டும் ஃபில்டர், ஐந்தாறு நிமிடத்தில் காலி. கீழே தேன் நிறத்தில் ஏதோ இருந்தது. பால் ஊற்றியதும் அம்மா ஒரு வாய் குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "பால் திரிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். திரியவில்லை, இளவறுப்பின் புளிப்பு அது. ஆனால் கேட்டவர் நாக்குக்கு அது திரிந்த பால்தான்.

அதே ஃபில்டரில், அதே முப்பது கிராம், கடைத்தெருவில் அரைத்து வாங்கிய, காபி எண்பதுக்குச் சிக்கரி இருபது கலந்த தூள். அரை மணி நேரம் சொட்டிற்று, கறுத்துக் கெட்டியாக. தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

அது வறுப்பினால் மட்டும் வந்த வித்தியாசம் இல்லை. சிக்கரி ஒரு கிழங்கு வேர், வறுத்து அரைப்பது. வெந்நீர் பட்டதும் ஊறி உப்பி, தூளுக்கு நடுவே தண்ணீர் ஓடும் வழியை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மெதுவாக இறங்குவதால் காபி நன்றாக ஊறிச் சாறு விடும். சிக்கரியிலேயே நிறமும் லேசான இனிப்புக் கசப்பும் நிறையக் கரையும். அதை எடுத்துவிட்டால் நம் ஃபில்டரின் ஓட்டைகளுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. சிக்கரி இல்லாத தூள்தான் வேண்டும் என்றால் மூன்று காரியம் செய்ய வேண்டும்: அரைப்பு இன்னும் நைசாக, குடை போட்டு நன்றாக அழுத்தம், தூள் நாலில் ஒரு பங்கு கூடுதல். வறுப்பும் நடுத்தரத்துக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டாவது தடவை அப்படிச் செய்தபோது நல்ல டிகாஷன் வந்தது. ஆனால் பரிசாகக் கொடுக்கும்போது கூடவே இத்தனை நிபந்தனையையும் கொடுக்க முடியுமா?

சிக்கரியைப் பற்றி இன்னொன்று. அது கலப்படம் இல்லை, அட்டையில் அளவு போட்டிருக்கும் வரை. காபி சிக்கரிக் கலவை என்று விற்றால் அதில் காபி குறைந்தது நூற்றுக்கு ஐம்பத்தொன்று இருக்க வேண்டும், விகிதத்தை அட்டையில் எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பரிசுக்கு அழகான டப்பாவில் வரும் தூளைத் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் நாற்பதுக்கு மேல் சிக்கரி இருக்கும், சின்ன எழுத்தில். காபிக் கொட்டையை விடச் சிக்கரி விலை குறைவு. டப்பாவின் விலையைப் பார்த்தால் அது தெரியாது.

இதோடு கருவி விஷயம் முடிந்தது, ஃபில்டர்தான். ஆனால் சித்தப்பா வீட்டில் ஃபில்டர் இருக்கிறதே? இருக்கிறது, இருபது வருடப் பழசு. மேல் பாத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதி ஓட்டை அடைந்து, மீதி ஓட்டை தேய்ந்து பெரிதாகியிருந்தது. சித்தி வாரம் ஒரு தடவை அதை அடுப்பில் காய்ச்சி அடைப்பை எரித்து எடுப்பார். எவர்சில்வருக்கு அது ஒத்துக்கொள்ளும், ஆனால் தட்டு வளைந்து போயிருந்தது. அதனால் ஒரு பக்கம் வேகமாக ஒழுகி, மறு பக்கம் தூள் நனையாமலே நின்றது. ஒரு டம்ளர் கெட்டியாகவும் அடுத்தது தண்ணீராகவும் இருப்பதாகச் சித்தப்பா வருடக்கணக்காகப் பால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார், பாவம்.

புதிது வாங்கும்போது கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மேல் பாத்திரத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஓட்டைகள் குண்டூசி முனை மாதிரி ஒரே அளவில், ஒரே நெருக்கத்தில் தெரிய வேண்டும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். பல இடத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தால் சரி. நூல் நூலாக இறங்கினால் ஓட்டை பெரிது, வேண்டாம். அப்புறம் இரண்டு பாத்திரத்தையும் பொருத்திப் பாருங்கள். காற்றே புகாமல் இறுகினால் அதுவும் தொல்லை. கீழே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் டிகாஷன் இறங்காது, மேல் பாத்திரத்தை லேசாகத் தூக்கி வைத்தால் சட்டென்று இறங்கும். லேசான இடைவெளியோடு உட்காருவதுதான் நல்லது.

பித்தளை ஃபில்டர் எல்லாருடைய கண்ணையும் பறிக்கும். கும்பகோணம் டிகிரி காபி என்று நெடுஞ்சாலையோரம் பித்தளை டம்ளர் டபராவில் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து பரிசுக்கும் அது வந்துவிட்டது. பார்க்க லட்சணம். ஆனால் உள்பக்கம் வெள்ளீயம் பூசியதா என்று பார்க்க வேண்டும். பூச்சு போனால் மறுபடி பூச ஆள் தேட வேண்டும். காபியில் புளிப்பு உண்டு, பூச்சில்லாத பித்தளையில் அதை மணிக்கணக்காக வைக்கக் கூடாது. புளி போட்டுத் தேய்க்கிற வேலை வேறு. தேய்க்கப் போவது சித்தப்பா இல்லை, சித்தி. கணவருக்கு ரிட்டயர்மென்ட் பரிசு என்று மனைவிக்கு வேலை வாங்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கனமான எவர்சில்வரில், நான்கு பேர் அளவு, எழுநூறு ரூபாய்க்கு எடுத்தோம். அளவும் முக்கியம். எட்டுப் பேர் ஃபில்டரில் இரண்டு பேருக்குத் தூள் போட்டால் படுகை மெல்லியதாகி, தண்ணீர் தங்காமல் இறங்கிவிடும்.

மீதி இரண்டாயிரத்து எண்ணூறு. இப்போதுதான் தம்பியின் உண்மையான ஆசை வெளியே வந்தது: விசேஷமான கொட்டை, மாதாமாதம் வீட்டுக்கு வருகிற மாதிரி. சேர்வராயன் மலை, பாபாபுதன் மலை என்று மாதம் ஒரு ஊர். பெட்டியில் தோட்டத்தின் படமும் உயரமும் அச்சடித்திருக்கும். இருநூற்றைம்பது கிராம் ஐந்நூறிலிருந்து எழுநூறு வரை.

அழகான யோசனைதான், அவனுக்கு. தினம் ஒரு கோப்பை, பதினைந்து கிராம் என்றால் இருநூற்றைம்பது கிராம் பதினாறு நாள் வரும். சித்தப்பா வீட்டில் காலை மாலை இரண்டு பேருக்கும் சேர்த்து நான்கு டம்ளர், டம்ளருக்கு ஒன்பது கிராம் என்றால் ஒரு நாளைக்கு முப்பத்தாறு கிராம். அந்தப் பெட்டி ஏழாவது நாள் காலி. மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டும். விசேஷக் கொட்டையை அந்த அளவில் வாங்கினால் எங்கள் மீதித் தொகை ஆறு வாரம்கூடத் தாங்காது.

அதோடு கொட்டையாகக் கொடுத்தால் அரைப்பது எதில்? ரைஸ்மில் இல்லாத ஊரில் ஒருவருக்கு நெல் மூட்டை கொடுத்த கதையாகிவிடும். மிக்ஸியில் அரைக்கலாம், ஆனால் ஒரே சுற்றில் பாதி மாவும் பாதி நொய்யுமாக வரும். மாவு ஃபில்டர் ஓட்டையை அடைக்கும், நொய் சாறு விடாது. நல்ல கைக்கிரைண்டரில் சீராக வரும். ஆயிரம் ரூபாய்க்குப் பீங்கான் பல் வைத்தது கிடைக்கிறது, அதன் அச்சு ஆடும், அரைப்பு சீராக இருக்காது. எஃகுப் பல் வைத்த உருப்படியானது மூவாயிரத்துக்கு மேல். எது வாங்கினாலும் ஒரு தடவைக்கு இருபது, இருபத்தைந்து கிராம்தான் கொள்ளும், ஃபில்டருக்கு வேண்டிய நைசுக்கு அரைக்கக் கை வலிக்கும். சித்தப்பாவுக்கு வலது தோளில் ஏற்கனவே வலி. பால் இல்லாமல் குடிக்கிற ஒருவருக்குப் பரிசு தேடுகிறீர்கள், அவரிடம் கிரைண்டர் இல்லை என்றால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கிரைண்டரை வாங்குங்கள், கூம்பைப் பிறகு அவரே வாங்கிக்கொள்வார். கூம்பை மாற்றினால் வருகிற வித்தியாசத்தை விட அரைப்பை மாற்றினால் வருகிற வித்தியாசம் பெரிது.

விசேஷக் கொட்டையைத் தள்ளிவிட்டோம் என்றாலும், புதுத்தூள் என்கிற அடிப்படை சரிதான். வறுத்த கொட்டை காற்றுப் புகாமல் வைத்தால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் நன்றாக இருக்கும். அரைத்த தூளின் வாசனை சில நாளிலேயே இறங்க ஆரம்பிக்கும். நம் பக்கம் கடற்காற்று வேறு. ஐப்பசி, கார்த்திகையில் டப்பாவைத் திறந்து வைத்தால் தூள் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்துத் தினம் வெளியே எடுத்தால் இன்னும் மோசம், குளிர்ந்த டப்பாவுக்குள் காற்று பட்டதும் வேர்த்துவிடும். ஆக ஒரு கிலோ மொத்தமாகக் கொடுப்பதில் அர்த்தமில்லை. நல்ல தூள், வாரத்துக்கு ஒரு தடவை, கால் கிலோ.

அதற்கு ஆன்லைன் பெட்டி தேவையே இல்லை. திருப்பாதிரிப்புலியூரிலேயே கண்ணெதிரில் அரைத்துக் கொடுக்கிற காபித்தூள் கடை இருக்கிறது. புதுச்சேரிக் கடைத்தெருவிலும் அப்படித்தான். உள்ளே நுழையும்போதே சட்டையில் வாசனை ஏறிவிடும். அங்கே பீபெரி என்று கேட்டால், காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டாக இருக்க வேண்டிய விதை ஒன்றாக உருண்டிருக்கும் கொட்டையைத் தருவார்கள். உருண்டை என்பதால் வறுக்கும்போது எல்லாப் பக்கமும் சமமாகச் சூடேறும் என்பார்கள். பிளாண்டேஷன் ஏ என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் பெரிய அளவுக் கொட்டை. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து, கொஞ்சம் ரோபஸ்டா ரகமும் சேர்த்தால் பால் காபிக்குத் திடம் கொடுக்கும். ரோபஸ்டாவில் காஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு, இரவில் தூக்கம் வராதவர் என்றால் அதைத் தவிர்க்கலாம்.

நான் கடைக்காரரிடம், "அண்ணே, பத்து சனிக்கிழமைக்குப் பணம் முன்னாடியே கட்டிடறேன். எங்க சித்தப்பா வருவாரு, வாராவாரம் கால் கிலோ அவர் எதிர்லயே அரைச்சுக் குடுக்கணும்" என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு பழைய டைரி ஒன்றை எடுத்து ஒரு பக்கம் பூராவும் கோடு போட்டு, பத்துக் கட்டம் வரைந்தார். வாரம் இருநூற்று இருபது, பத்து வாரத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு. அந்தப் பக்கத்தை அப்படியே போட்டோ எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஃபில்டருக்குள் சுருட்டி வைத்தோம். பரிசு மடல் அதுதான்.

மிச்சம் அறுநூறு. நானூற்றைம்பதுக்குச் சமையல் தராசு ஒன்று வாங்கினோம். கரண்டிக் கணக்கை நம்பக் கூடாது, கோபுரமாக அள்ளினால் ஒரு கரண்டியில் எட்டு கிராம், தட்டினால் ஐந்து. பாக்கிக்கு நூறு கிராம் சிக்கரி இல்லாத அராபிகா, நைசாக அரைத்தது, தம்பியின் திருப்திக்காக.

டீக்காரருக்குப் பரிசு தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, இதே கேள்விதான் அங்கேயும். பால் டீ என்றால் உருண்டை உருண்டையாக இருக்கும் சிடிசி தூள்தான் நிறமும் திடமும் கொடுக்கும். இருபது ரூபாய் வடிகட்டிக்குப் பதில் கண்ணாடிக் கெட்டில் வாங்கிக் கொடுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பால் இல்லாமல் குடிப்பவர் என்றால் நீலகிரியின் சுருண்ட இலைத் தேயிலை, குளிர்காலத்தில் பறித்தது கிடைத்தால் இன்னும் நல்லது. டம்ளருக்கு இரண்டு கிராம், வெந்நீர் ஊற்றி மூடி மூன்று நிமிடம், கொதிக்க விடக் கூடாது. தேயிலை காபித்தூள் மாதிரி நாளுக்கு நாள் வாசனை இழக்காது, மூடி வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். அதனால் எப்போது பிரிப்பார்கள் என்று தெரியாத பரிசுக்குத் தேயிலைதான் பத்திரம். தண்ணீர் மட்டும் கவனம். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு, அதில் பால் இல்லாத எதைப் போட்டாலும் உப்புதான் முந்தி நிற்கும். பால் காபியில் அது அவ்வளவாகத் தெரியாது.

பாராட்டு விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா ஃபில்டரைப் பிரித்தார். எதிர்பார்த்த மாதிரியே முதலில் மேல் பாத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சித்தி தராசை எடுத்துக்கொண்டு போய் வெண்டைக்காயை நிறுத்துப் பார்த்தார், கடையில் எடை குறைத்திருந்தது தெரிந்து ஒரு சின்னச் சண்டை. நூறு கிராம் அராபிகாவைத் தம்பியே போட்டுக் கொடுத்தான், நைசாக, அழுத்தி, கூடுதல் தூளோடு. சித்தப்பா குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. விருந்தாளி வந்தா குடுக்கலாம்" என்றார்.

முதல் சனிக்கிழமை போன் வந்தது. காபித்தூள் கடையிலிருந்து.

"மேடம், உங்க சித்தப்பா வந்திருக்காரு. நீங்க எண்பது இருபதுக்குப் பணம் கட்டியிருக்கீங்க. அவரு பழையபடி எழுபது முப்பதுதான் வேணும்ங்கறாரு. மீதிக் காசுக்கு வாரத்துக்கு இருபது கிராம் கூடப் போட்டுக் குடுக்கட்டுமான்னு கேக்கறாரு."

போடச் சொன்னேன்.